நாலாவது பாட் மட்டும் ஏன் இறங்குச்சு? ரெண்டு காரணி, நாலு ரன், கைக்கணக்கு

லேப்_கார்த்தி
எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர்ல ஒரு நிட் பிராசஸிங் யூனிட்டோட லேப்ல இருக்கேன். ஒரு ரியாக்டிவ் நீலம், ரெண்டு பர்சென்ட் ஷேடு. வெப்பத்தையும் சோடா ஆஷையும் மாத்தி மாத்திப் பார்க்கச் சொன்னாங்க. ப்ளீச் பண்ண சிங்கிள் ஜெர்சி அஞ்சு கிராம், தண்ணி 50 மில்லி, ஒரு பர்சென்ட் ஸ்டாக்ல இருந்து சாயம் 10 மில்லி (அந்த 50-க்குள்ளதான்), சால்ட் லிட்டருக்கு 50 கிராம். இதெல்லாம் சாயம் போடுற எல்லா பாட்லயும் ஒண்ணுதான். சோடா போட்டதுக்கப்புறம் ஒரு மணி நேரம். சோப்பிங் முடிஞ்சு, காய வச்சு, துணியை நாலா மடிச்சு, நிறம் எவ்வளவு ஆழம்னு சொல்ற K/S-ஐ ஸ்பெக்ட்ரோல பார்த்தேன்.

50 டிகிரி, சோடா லிட்டருக்கு 10 கிராம்: 11.2
70 டிகிரி, சோடா லிட்டருக்கு 10 கிராம்: 15.0
50 டிகிரி, சோடா லிட்டருக்கு 20 கிராம்: 15.6

சூடு ஏத்தினா 3.8 கூடுது, சோடா ஏத்தினா 4.4 கூடுது. அப்போ ரெண்டையும் ஏத்தினா 11.2 + 3.8 + 4.4 = 19.4 வரணும்னு நோட்ல முன்னாடியே எழுதி வச்சுட்டேன். வந்தது 14.2. மேனேஜர் பார்த்துட்டு, "பைப்பெட்ல சாயம் கம்மியா எடுத்திருப்ப, அந்தப் பாட்டைத் தூக்கிப் போடு"ன்னு சொல்லிட்டார். நான் சரியாத்தான் எடுத்தேன்.

இன்னொரு குழப்பம். காலேஜ் நோட்ல இருக்கிற மெயின் எஃபெக்ட் ஃபார்முலாவைப் போட்டா சூட்டுக்கு 1.2, சோடாவுக்கு 1.8 வருது. நான் கண்ணால பார்த்தது 3.8, 4.4. எதுதான் சரி?

பழைய_சாயப்பட்டறை
தம்பி, பாட் தப்பில்லை. 70 டிகிரியில 20 கிராம் சோடா போட்டா சாயம் துணியைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி தண்ணியையே பிடிச்சுச் செத்துரும். ஹைட்ரலைஸ்னு சொல்றது அதைத்தான். செத்த சாயம் துணிமேல உட்கார்ந்த மாதிரி தெரியும், சோப்பிங்ல கழண்டு போயிரும். முப்பது வருசம் ஜிக்கர்லயும் வின்ச்லயும் நின்னவன் சொல்றேன், இதுக்குக் கணக்கே வேண்டாம். உங்க நீலம் 60 டிகிரி சாயமா இருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்க.

எக்செல்ராஜா
மூணு புள்ளி ஒரு பேட்டர்ன்ல இருக்கு, நாலாவது அதுல இருந்து 5.2 தள்ளி இருக்கு. இதுக்குப் பேரு அவுட்லையர். அதை எடுத்துட்டு ரிக்ரஷன் போடுங்க, சுத்தமா வரும்.

கட்டம்போட்ட_சட்டை
ராஜா, மூன்று புள்ளியை வைத்து ஒரு தளம் போட்டால் அது எப்போதுமே "சுத்தமாக" வரும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிற மாதிரி. அது பொருந்துவதால் எதுவும் நிரூபணமாகவில்லை. நாலாவது காலை வைக்கும்போதுதான் தரை சமமா இல்லையா என்று தெரிகிறது. கார்த்தியின் சோதனையில் புதிதாகச் சேதி சொன்ன ஒரே பாட் அந்த நாலாவதுதான், அதைப் போய்த் தூக்கச் சொல்கிறீர்களே.

கார்த்தி, 19.4 என்று முதலிலேயே எழுதி வைத்தது நல்ல காரியம். அந்த எண்ணுக்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: சோடா 10 கிராமில் சூடு என்ன செய்ததோ, 20 கிராமிலும் அதையே செய்யும் என்பது. நாலாவது பாட் அதை மறுக்கிறது. சோடா 10-இல் சூட்டை ஏற்றினால் 11.2, 15.0 ஆகிறது, 3.8 கூடுதல். சோடா 20-இல் அதே சூட்டை ஏற்றினால் 15.6, 14.2 ஆகிறது, 1.4 குறைவு. இந்த இரண்டின் சராசரிதான் உங்கள் நோட்டில் உள்ள மெயின் எஃபெக்ட்: (3.8 − 1.4) / 2 = 1.2. சோடாவுக்கும் அப்படியே. 50 டிகிரியில் 4.4 கூடுகிறது, 70-இல் 0.8 குறைகிறது, சராசரி 1.8. ஆக 3.8-ம் சரி, 1.2-ம் சரி. முதலாவது சதுரத்தின் ஒரு விளிம்பில் மட்டும் பார்த்தது, இரண்டாவது எதிரெதிர் விளிம்புகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது.

குறி போட்டு எழுதிக்கொண்டால் வேலை சுலபம். T என்பது சூடு, S என்பது சோடா. குறைந்த நிலைக்கு மைனஸ், கூடிய நிலைக்கு பிளஸ். மூன்றாவது நெடுவரிசை TS முதல் இரண்டையும் பெருக்கி வந்தது, அவ்வளவுதான். ஒன்று மற்றதன் விளைவை எவ்வளவு மாற்றுகிறது என்பதை அது சொல்லும், அதற்குப் பெயர் இடைவினை.

```
ரன்   T   S   TS   K/S
1     -   -   +    11.2
2     +   -   -    15.0
3     -   +   -    15.6
4     +   +   +    14.2

T  = (-11.2 + 15.0 - 15.6 + 14.2)/2 =  1.2
S  = (-11.2 - 15.0 + 15.6 + 14.2)/2 =  1.8
TS = (+11.2 - 15.0 - 15.6 + 14.2)/2 = -2.6
```

ஏன் இரண்டால் வகுக்கிறோம்? ஒவ்வொரு வரியிலும் பிளஸ் பக்கம் இரண்டு எண், மைனஸ் பக்கம் இரண்டு எண். இரண்டு சராசரிகளின் வித்தியாசம்தான் எஃபெக்ட். நாலு பாட்டும் மூன்று கணக்கிலும் வேலை செய்கின்றன, எதுவும் சும்மா இருப்பதில்லை.

இப்போது உங்கள் எதிர்பார்ப்பைப் பாருங்கள். 19.4 வர வேண்டியது 14.2 வந்தது, பற்றாக்குறை 5.2. அதில் பாதி 2.6. "காணாமல்போன" 5.2 வேறெங்கும் போகவில்லை, அதுதான் உங்கள் இடைவினை, இருமடங்காக.

லேப்_கார்த்தி
ஐயா, அந்தக் கடைசி வரியை மூணு தடவை படிச்சேன். அப்படியே ஒட்டுது. அப்போ மேனேஜர்கிட்ட "சூடு ஏத்தினா 1.2 கூடும், சோடா ஏத்தினா 1.8 கூடும், ஆனா இடைவினை இருக்கு"ன்னு ரிப்போர்ட் எழுதலாமா?

கட்டம்போட்ட_சட்டை
எழுதாதீர்கள். "சூடு ஏற்றினால் 1.2 கூடும்" என்பது உங்கள் நாலு பாட்டில் எந்த இடத்திலும் நடக்காத விஷயம். ஓரிடத்தில் 3.8 கூடியது, இன்னோரிடத்தில் 1.4 குறைந்தது. இடைவினை −2.6, அது இரண்டு மெயின் எஃபெக்டையும் விடப் பெரியது. இந்த நிலையில் மெயின் எஃபெக்டைத் தனியாகப் படிப்பது, காலில் பனிக்கட்டியும் தலையில் கொள்ளியும் வைத்துக்கொண்டவனைப் பார்த்து "சராசரியாக இதமாக இருக்கிறான்" என்று சொல்வது போல.

ரிப்போர்ட்டில் ஒரு சின்னப் படம் போடுங்கள். அடியில் சோடா 10, 20. மேலே K/S. 50 டிகிரிக்கு ஒரு கோடு, 11.2-இலிருந்து 15.6-க்கு ஏறும். 70 டிகிரிக்கு ஒரு கோடு, 15.0-இலிருந்து 14.2-க்கு லேசாக இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மேனேஜருக்கு அந்தப் படம் போதும்.

அடுப்பங்கரை_வித்யா
நடுவுல வரேன், மன்னிச்சுக்கோங்க. வீட்டுல கேக் போட்டு விக்கிறேன். நானும் இதே மாதிரி நாலு கேக் போட்டேன், 160-180 டிகிரி, 30-40 நிமிஷம். எனக்கு இடைவினை மைனஸ்ல வந்துச்சு. மைனஸ்னா ரெண்டும் சேரக்கூடாதுன்னு எடுத்துக்கிட்டு இப்போ 180 பக்கமே போறதில்ல. அது சரிதானே?

எக்செல்ராஜா
ஆமாங்க்கா, மைனஸ் இண்டராக்ஷன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு எதிர்க்குது, பிளஸ்னா உதவுது. அது ஸ்டாண்டர்டு.

கட்டம்போட்ட_சட்டை
பாதி சரி. வித்யாம்மா, குறியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அது நாம் வைத்த பெயரைப் பொறுத்தது. கார்த்தி நாளைக்கே சோடா 20-ஐ மைனஸ் என்றும் 10-ஐ பிளஸ் என்றும் எழுதிக்கொண்டார் என்று வையுங்கள். சோடாவின் எஃபெக்ட் −1.8 ஆகும், இடைவினை +2.6 ஆகும். துணியின் நிறம் ஒரு இழை கூட மாறாது. அதனால் குறியைப் பார்த்துவிட்டு உடனே நாலு மூலையின் எண்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். உங்கள் நாலு எண்ணும் என்ன? எதை அளந்தீர்கள், உயரமா?

அடுப்பங்கரை_வித்யா
அளக்கலைங்க. நானும் என் பொண்ணும் சாப்பிட்டுப் பார்த்து பத்துக்கு மார்க் போட்டோம். 5, 8, 8, 3. அந்த 3 அடி தீஞ்சு போனது.

கட்டம்போட்ட_சட்டை
(−5 + 8 − 8 + 3)/2 = −1. இன்னொன்று (−5 − 8 + 8 + 3)/2, அதுவும் −1. இடைவினை (5 − 8 − 8 + 3)/2 = −4. உங்கள் 180 டிகிரி, 30 நிமிடக் கேக் 8 வாங்கியிருக்கிறதே அம்மா! அதை ஏன் விட்டீர்கள்? 160-இல் 40 நிமிடம் எவ்வளவு நல்லதோ, 180-இல் 30 நிமிடமும் அவ்வளவே நல்லது, காஸ் வேறு மிச்சம். இடைவினையின் மைனஸ் குறியைப் பார்த்து 180-ஐயே ஒதுக்கிவிட்டீர்கள்.

அடுப்பங்கரை_வித்யா
அடக்கடவுளே. ஒரு வருஷமா 40 நிமிஷம் நின்னுட்டு இருக்கேன் :(

வயல்வரப்பு
எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். வெப்பத்துக்கும் சோடாவுக்கும் தொடர்பே இல்லையே. சூட்டை ஏற்றினால் சோடா கூடுவதில்லை. தொடர்பில்லாத இரண்டுக்குள் எப்படி இடைவினை வரும்?

கட்டம்போட்ட_சட்டை
நீங்கள் சொல்வது ஒட்டுறவு, அது வேறு சங்கதி. இந்த நாலு ரன்னில் சூட்டுக்கும் சோடாவுக்கும் ஒட்டுறவு சரியாகப் பூஜ்யம், நாம்தான் அப்படி அமைத்தோம். ஒவ்வொரு சூட்டிலும் இரண்டு சோடாவும் ஒரே அளவு வந்திருக்கின்றன. இடைவினை என்பது அவை இரண்டும் விளைச்சலில் சேர்ந்து நடந்துகொள்ளும் விதம். வயலில் இருக்கிறீர்கள் போல, உங்கள் பக்கத்து உதாரணமே சொல்லலாம். தண்ணீர் பாய்ச்சிய வயலில் யூரியா போடுவதும் காய்ந்த வயலில் போடுவதும் ஒன்றா? யூரியா மூட்டைக்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நெல்லுக்கு இருக்கிறது. இந்த முறையே வயலில் பிறந்ததுதான். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணை ஆய்வு நிலையத்தில் 1920-களில் ஃபிஷரும், பிறகு 1930-களில் யேட்ஸும் உரச் சோதனைகளுக்காக வளர்த்தெடுத்தது.

எக்செல்ராஜா
நான் ஷீட்ல போட்டேன். −1, +1 கோட் பண்ணிப் போட்டா வெப்பம் 0.6, சோடா 0.9, இடைவினை −1.3. ஐயா சொன்னதுல சரிபாதி. சாஃப்ட்வேர் தப்பா, ஐயா தப்பா? அதோட, நேரடியா 50, 70, 10, 20 போட்டா வெப்பத்துக்கு 0.45 வருது! டிகிரிக்கு 0.45-னா 20 டிகிரிக்கு 9 கூடணும். எங்கேயோ இடிக்குது.

கட்டம்போட்ட_சட்டை
மூன்றுமே சரி. மைனஸ் ஒன்றிலிருந்து பிளஸ் ஒன்றுக்குப் போனால் இரண்டு அடி. ஷீட் ஒரு அடிக்கு எவ்வளவு என்று சொல்கிறது, கைக்கணக்கு முழுத் தூரத்துக்கும் சொல்கிறது. அதனால்தான் பாதி.

அந்த 0.45-தான் பலரைக் கவிழ்ப்பது. பெருக்கல் உறுப்பு சமன்பாட்டில் இருக்கும்போது, வெப்பத்தின் கெழு என்பது சோடா பூஜ்யமாக இருக்கும் இடத்தில் வெப்பத்தின் சரிவு. சோடாவே போடாவிட்டால் இந்தச் சாயம் துணியில் நிலைக்கவே நிலைக்காது. யாருமே போகாத ஒரு மூலையைப் பற்றி ஷீட் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறது. சோடா 15 கிராமில் சரிவு என்ன என்று கேளுங்கள், 0.45 − 0.026 × 15 = 0.06 வரும். 20 டிகிரிக்கு 1.2. நம் பழைய 1.2 திரும்ப வந்துவிட்டது பார்த்தீர்களா.

எக்செல்ராஜா
சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயத்துல நான் விடமாட்டேன். நாலு ரன், சராசரி ஒண்ணு, எஃபெக்ட் மூணு. நாலு எண்ணை வச்சு நாலு எண்ணைக் கண்டுபிடிச்சா பிழை கணக்கிட மிச்சம் ஒண்ணுமே இல்லை. அப்போ −2.6 நிஜமா, இல்ல வெறும் ஆட்டமான்னு எப்படிச் சொல்றது? பிழை தெரியாம இதெல்லாம் ஜோசியம்.

லேப்_கார்த்தி
ராஜா அண்ணா, ஒவ்வொரு துணியிலயும் நாலு இடத்துல ரீடிங் எடுத்தேன். மொத்தம் 16 ரீடிங் இருக்கு. நாலும் 0.1-க்குள்ளதான் மாறுது. அதை ரிப்பீட்டா எடுத்துக்கலாமே?

கட்டம்போட்ட_சட்டை
ராஜா இந்த முறை கேட்டது நியாயமான கேள்வி. கார்த்தி சொன்ன பதில்தான் ஆபத்தானது.

ஒரே துணியை நாலு தடவை அளந்தால் ஸ்பெக்ட்ரோ எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும், துணி கொஞ்சம் திட்டாக இருந்தால் அதுவும் தெரியும். சாயம் எடுத்த பைப்பெட், அரை கிராம் சோடா நிறுத்த தராசு, பாட்டைத் திறந்து சோடா போட்ட நேரம், சோப்பிங்கில் கழுவிய கழுவு, இவற்றின் ஆட்டம் அந்த நாலு ரீடிங்கிலும் ஒன்றேதான். ஆகவே அந்த 0.1 உங்களை ஏமாற்றும். ரிப்பீட் என்றால் துணி வெட்டுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

ஒரு பாட்டின் உண்மையான ஆட்டத்தை σ என்று வையுங்கள். நாலு எண்ணைக் கூட்டிக் கழித்து இரண்டால் வகுத்தால், எஃபெக்டின் ஆட்டமும் சரியாக அதே σ-தான் வரும். இது நாலு ரன்னுக்கு மட்டும் உள்ள வசதி. ஆக உங்கள் லேபில் ஒரே ரெசிப்பியை வேறு வேறு நாளில் போட்டால் K/S எவ்வளவு மாறும் என்று பழைய நோட்டைப் புரட்டுங்கள். அது 0.3 என்றால் −2.6 மலை மாதிரி. அதுவே 2 என்றால் ராஜா சொன்ன ஜோசியம்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். உங்கள் மெஷினில் பாட்டுகள் எல்லாம் ஒரே பாத்தில் ஓடுமா, தனித்தனிச் சூடு வைக்க முடியுமா?

லேப்_கார்த்தி
ஒரே பாத்துதான் ஐயா, கிளிசரின். எல்லா பாட்டுக்கும் ஒரே சூடு. காலைல 50-ல ரெண்டு பாட், மத்தியானம் 70-ல ரெண்டு பாட் போட்டேன்.

கட்டம்போட்ட_சட்டை
அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படியானால் உங்களிடம் உள்ளது நாலு தனி ரன் அல்ல. இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்.

மத்தியான ஓட்டத்தில் ஏதோ ஒன்று மாறியிருக்கட்டும். ஸ்டாக் சாயம் கொஞ்சம் பழசாகியிருக்கலாம், தண்ணீர் மாறியிருக்கலாம். அதனால் 70 டிகிரிப் பாட் இரண்டிலும் 0.5 கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்கைத் திரும்பப் போடுங்கள். சோடாவின் எஃபெக்டில் அந்த 0.5 ஒரு முறை கூடி ஒரு முறை கழிந்து மறைந்துவிடும். இடைவினையிலும் மறைந்துவிடும். வெப்பத்தின் எஃபெக்டில் மட்டும் முழுசாக 0.5 ஏறி உட்காரும். உங்கள் மூன்று எண்களில் நான் அதிகம் நம்புவது இடைவினையை, குறைவாக நம்புவது வெப்பத்தின் 1.2-ஐ. மேனேஜர் சந்தேகப்பட்டது இதற்கு நேர் எதிர்.

திரும்பப் போடும்போது முதலில் 70-ஐ ஓட்டுங்கள், பிறகு 50. ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தப் பாட்டில் எந்தச் சோடா என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

பழைய_சாயப்பட்டறை
கணக்கெல்லாம் இருக்கட்டும். சாயம் செத்துச்சா இல்லையான்னு பார்க்க ஒரு வழி சொல்றேன். சாயம் போட்டு முடிஞ்ச தண்ணியைக் கொட்டாதீங்க. ஒவ்வொரு பாட்டோட மிச்சத் தண்ணியிலயும் புதுசா ஒரு வெள்ளைத் துணி போட்டு, 60 டிகிரியில சோடா சேர்த்து ஒரு மணி நேரம் ஓட்டுங்க. அப்புறம் நல்லா சோப்பிங். உயிரோட இருக்கிற சாயம்னா துணியில நிக்கும். செத்ததுன்னா தண்ணி என்ன நீலமா இருந்தாலும் துணி வெளுத்துரும்.

வயல்வரப்பு
log எடுத்தால் இடைவினை மறைந்துவிடும் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். அதைச் செய்தால் இந்தத் தலைவலியே இல்லையே?

கட்டம்போட்ட_சட்டை
சில இடைவினை மறையும். ஒரு காரணி விளைச்சலை 20 சதவீதம் கூட்டுகிறது, இன்னொன்று 50 சதவீதம் கூட்டுகிறது என்றால், நேர் எண்ணில் இடைவினை தெரியும், log எடுத்தால் போய்விடும். கார்த்தியின் கோடுகள் வெட்டிக்கொள்கின்றன. சோடா 10-இல் 70 டிகிரி மேலே, சோடா 20-இல் 50 டிகிரி மேலே. log பெரியதைப் பெரியதாகவும் சிறியதைச் சிறியதாகவும் தான் வைத்திருக்கும், யார் மேலே என்பதை அதனால் மாற்ற முடியாது. அதனால் இது எந்த உருமாற்றத்துக்கும் மசியாது.

வெட்டாத இடைவினைக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 1980-களில் எஸ்கேஎஃப் பேரிங் நிறுவனத்தில் ஹெல்ஸ்ட்ராண்ட் என்பவர் எட்டு ரன் போட்டார், மூன்று காரணி. பந்துகளைப் பிடித்து வைக்கும் கூட்டை விலை குறைந்ததாக மாற்றலாமா என்பதுதான் முதலில் கேள்வி. கூட்டால் ஒன்றும் மாறவில்லை. அதை விட்டுவிட்டு ஜோடி ஜோடியாகச் சராசரி எடுத்தால் மிஞ்சுவது இதே மாதிரி நாலு மூலை. பந்து வெளி வளையத்தின் தடத்தோடு பொருந்தும் அளவு ஒரு காரணி, வெப்பப் பதப்படுத்தல் இன்னொன்று. ஆயுள் 18 மணி, பொருத்தத்தை மட்டும் மாற்றினால் 23, பதப்படுத்தலை மட்டும் மாற்றினால் 21. இரண்டையும் மாற்றினால் 106.5.

கைக்கணக்கு போடுங்கள். பொருத்தம் 45.25, பதப்படுத்தல் 43.25, இடைவினை 40.25. மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு! பிளஸ்-பிளஸ் மூலை ஒன்று மட்டும் எகிறினால் இப்படித்தான் வரும். ஒன்றொன்றாக மாற்றிப் பார்த்திருந்தால் 5 மணியும் 3 மணியும் கிடைத்து, இரண்டையும் வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். நீங்களும் அந்த மாதிரி மூன்று பாட்டோடு நின்றிருந்தால் 70 டிகிரி, 20 கிராம் என்று புரொடக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள்.

லேப்_கார்த்தி
மூணு நாள் கழிச்சு வரேன். முழு செட்டையும் திரும்பப் போட்டேன். முதல்ல 70, அப்புறம் 50. மேனேஜர் ஒண்ணும் சொல்லல, ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போனார்.

```
           முதல் நாள்   இரண்டாம் நாள்
50, 10       11.2         11.8
70, 10       15.0         14.6
50, 20       15.6         15.4
70, 20       14.2         13.8
```

ரெண்டாம் நாள் மட்டும் தனியாக் கணக்கு: வெப்பம் 0.6, சோடா 1.4, இடைவினை −2.2.

சாயப்பட்டறை ஐயா சொன்னதையும் செஞ்சேன். 50-10 பாட்டோட மிச்சத் தண்ணியில போட்ட துணி சோப்பிங்குக்கு அப்புறமும் நல்ல நீலமா நிக்குது. 70-20 தண்ணி பார்க்க அதே நீலம்தான், ஆனா துணி சோப்பிங்ல வெளிறி, வானக் கலர்ல வந்து நிக்குது. ரெண்டு துணியையும் பக்கத்துல பக்கத்துல பின் பண்ணி மேனேஜர் டேபிள்ல வச்சுட்டேன்.

பழைய_சாயப்பட்டறை
அப்பவே சொன்னேன்ல.

எக்செல்ராஜா
இப்போ பிழை கணக்கிடலாம். நாலு ஜோடியோட வித்தியாசம் 0.6, 0.4, 0.2, 0.4. வர்க்கம் எடுத்துக் கூட்டினா 0.72. எட்டால வகுத்தா 0.09. வர்க்கமூலம் 0.3. எட்டு ரன் இருக்கறதால எஃபெக்டோட பிழை 0.3-ஐ √2-ஆல வகுத்து 0.21. ரெண்டு நாள் சராசரி: வெப்பம் 0.9, சோடா 1.6, இடைவினை −2.4. நாலு டிகிரி ஆஃப் ஃப்ரீடம், 2.78-ஆல பெருக்கினா எல்லை 0.59 வரும். மூணுமே தாண்டிருச்சு. கேஸ் முடிஞ்சுது. நாலாவது பாட் அவுட்லையர்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

கட்டம்போட்ட_சட்டை
கணக்கு பிசகில்லை ராஜா. ஆனால் உங்கள் நாலு வித்தியாசத்தையும் குறியோடு எழுதுங்கள்: +0.6, −0.4, −0.2, −0.4. 70 டிகிரிப் பாட் இரண்டும் சொல்லிவைத்தாற்போல் அதே 0.4 இறங்கியிருக்கின்றன. ஒரே பாத்தில் ஒன்றாக ஓடியவை அவை. தற்செயலாகவும் இருக்கலாம், ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் ஆட்டமாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் 0.21 என்பது வெப்பத்துக்குப் பொருந்தாத பிழை. வெப்பத்தைப் பொறுத்தவரை நம்மிடம் இருப்பது எட்டு ரன் அல்ல, நாலு ஓட்டம். 1.2, 0.6 என்று இரண்டு நாளும் இரண்டு விதம் சொல்கின்றன. இடைவினை −2.6, −2.2. அதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். வெப்பத்தின் 0.9-க்குப் போடமாட்டேன்.

எக்செல்ராஜா
ரெண்டு பாட்டை வச்சு அப்படிச் சொல்றது கொஞ்சம் ஓவர் ஐயா. நாணயத்தைச் சுண்டினாலும் ரெண்டு தலை விழும்.

கட்டம்போட்ட_சட்டை
விழும். அதனால்தான் "இருக்கலாம்" என்றேன். இன்னும் ரெண்டு மூணு நாள் ஓட்டினால் தெரியும், ஆனால் கார்த்திக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. வெப்பத்தின் சராசரி எஃபெக்டை வைத்து அவர் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை.

அதைவிட உபயோகமான ஒரு பாட் உண்டு. 60 டிகிரி, 15 கிராம், நட்ட நடுவில். மூலைகள் நாலின் சராசரி இப்போது 13.95. பரப்பு நாலு மூலைக்கும் இழுத்துக் கட்டின பாய் மாதிரி இருந்தால் நடுவிலும் அதே அளவுதான் வரும். எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவு வளைவு, அதை இரண்டு நிலைச் சோதனையால் பார்க்கவே முடியாது. கைக்கணக்கில் அது வராது, பாட்டில்தான் வரும்.

லேப்_கார்த்தி
நேத்தே போட்டுட்டேன் ஐயா, சாயப்பட்டறை ஐயா டப்பாவைத் திருப்பச் சொன்னாரே, 60-னுதான் போட்டிருந்துச்சு. நடுவுல ரெண்டு பாட் போட்டேன். 16.3, 15.9.

கட்டம்போட்ட_சட்டை
சராசரி 16.1, மூலைகளின் சராசரியை விட 2.15 மேலே. நாலு மூலையில் எதுவும் இதைத் தொடவில்லை, ஆட்டம் 0.3 அளவுதான். நடுவில் மேடு இருக்கிறது. இரண்டு பாட்டும் ஒரே ஓட்டமா?

லேப்_கார்த்தி
ஆமா, ஒரே ஓட்டம்... கேட்பீங்கன்னு தெரியும்.

கட்டம்போட்ட_சட்டை
:) அப்போ இன்னொரு நாள் ஒரு தடவை. இருந்தாலும் 2 வித்தியாசத்தை ஓட்ட ஆட்டம் தின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த சதுரத்தைச் சின்னதாக வையுங்கள், 55–65 டிகிரி, 12–18 கிராம், நடுவில் அந்த 60. கோடுகள் அங்கேயும் வெட்டிக்கொள்கின்றனவா பாருங்கள்.

பழைய_சாயப்பட்டறை
55-க்கும் 65-க்கும் நடுவுல ஷேடு மாறுதோ இல்லையோ, சோடாவை 12-க்குக் குறைச்சா கழுவுற தண்ணி குறையும், கழிவுநீரைச் சுத்தம் பண்ற ஈடிபி-க்குப் போற உப்புச் சுமையும் கொஞ்சம் குறையும். K/S மட்டும் எழுதாதீங்க தம்பி, சோப்பிங் எத்தனை தடவை பண்ணீங்கன்னும் தனியா ஒரு கட்டம் போட்டு எழுதுங்க.

அடுப்பங்கரை_வித்யா
நான் 170, 35 நிமிஷம் இன்னிக்கு அடுப்புல வச்சிருக்கேன். சாயங்காலம் வந்து மார்க் சொல்றேன். இந்தத் தடவை பொண்ணுகிட்ட எது எந்தக் கேக்குன்னு சொல்லாம குடுக்கப் போறேன்.